டொராண்டோ வந்த புதிதில் இல்லாத தும்மல், இப்போது மட்டும் ஏன்?

வைகைக்கரை · ஆகஸ்ட் 24, இரவு 9.50

ஒரு சந்தேகம். மதுரையிலிருந்து ஸ்கார்பரோ வந்த புதிதில் ஆகஸ்ட், செப்டம்பர் எல்லாம் எனக்குச் சாதாரண மாதங்கள்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் மூக்கைத் துடைத்துக்கொண்டே "ராக்வீட் சீசன்", அந்தக் களைச்செடியின் மகரந்தம் பறக்கும் காலம் என்று புலம்புவார்கள். இவர்களுக்கு எது பட்டாலும் ஆகாது போல என்று நினைத்துக்கொள்வேன். சில வருடங்கள் கழித்து எனக்கும் லேசாகத் தொடங்கியது. இப்போதெல்லாம் ஆகஸ்ட் நடுவில் ஆரம்பித்தால் வரிசையாகத் தும்மல், தண்ணீராக மூக்கு ஒழுகல், மேலண்ணத்தில் சொறிய முடியாத இடத்தில் அரிப்பு. காய்ச்சல் இல்லை, சளியும் கெட்டியாவதில்லை. பனி விழும்வரை இதே கதை.

கேள்வி இதுதான். பழகப் பழக உடம்பு ஏற்றுக்கொள்ளும் என்றுதானே சொல்வார்கள்? இங்கே தலைகீழாக இருக்கிறதே. முதல் வருடமே வந்திருந்தால் ஊர் புதிது, காற்று புதிது என்று விட்டிருப்பேன். சும்மா கிடந்த மூக்குக்கு இத்தனை வருடம் கழித்து என்ன வந்தது?

மார்க்கம் மாமா · ஆகஸ்ட் 24, இரவு 10.35

பிள்ளை, இது ஈஸ்னோபீலியா. ஊரில் எனக்கும் இருந்தது, ரத்தம் சோதித்துப் பார்த்துத்தான் சொன்னார்கள். இங்கத்தைய குளிரில் கிடந்து கிடந்து உங்கள் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது. ஒன்ராறியோ பண்ணைத் தேன் தினம் ஒரு கரண்டி சாப்பிடுங்கோ. இந்த ஊர்ப் பூந்தூள் அதற்குள் இருக்கும். தடுப்பூசி போல, கொஞ்சம் கொஞ்சமாய் உடம்பு பழகிவிடும்.

லேப்காரர் · ஆகஸ்ட் 25, காலை 7.15

ஒவ்வாமைப் பரிசோதனைக் கூடத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவன். மாமா சொன்னதில் பாதி சரி. அதைப் பிறகு பார்ப்போம். எதிர்ப்புச் சக்தி குறைந்தது என்பது மட்டும் சரியில்லை. இது எதிர்ப்புச் சக்தி தேவையில்லாத இடத்தில் ஒழுங்காக வேலை செய்வதால் வரும் தொல்லை.

ராக்வீட் மகரந்தத்தூள் ஒவ்வொன்றும் சுமார் 20 மைக்ரான். அந்த அளவுள்ள தூள் மூச்சோடு வந்தால் பெரும்பாலும் மூக்கிலேயே சிக்கிவிடும், நுரையீரல்வரை போகாது. மூக்கின் ஈரம் பட்ட சில நிமிடங்களில் உள்ளே இருக்கும் புரதங்கள் கரைந்து வெளியே வரும். அவற்றில் நமக்கு வேண்டியது ஆம்ப்-ஏ-1 என்ற ஒன்று. விஷமெல்லாம் இல்லை. தாவரச் செல்சுவரில் உள்ள பெக்டினை உடைக்கும் வகையைச் சேர்ந்த நொதி, அவ்வளவுதான்.

நீங்கள் வந்த முதல் ஆகஸ்டில் அந்தப் புரதம் உங்கள் மூக்குக்குள் போனது உறுதி. மூக்கின் உள்தோலுக்கு அடியில் வேவு பார்க்கும் செல்கள் உண்டு. அவை புரதத்தைத் துண்டாக்கி, கழுத்துப் பக்கத்து நிணநீர்க் கணுக்களுக்கு எடுத்துப்போய் டி செல்களிடம் காட்டும். பெரும்பாலானவர்களுக்குக் கதை அங்கேயே முடிந்துவிடும். சிலருக்கு அந்த டி செல்கள் வேறொரு முடிவெடுத்து, இந்தப் புரதத்துக்கு எதிராக ஐஜிஇ என்ற ஆன்டிபாடியைச் செய்யும்படி பி செல்களுக்குக் கட்டளை கொடுக்கும்.

இதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். அதற்குள் ராக்வீட் சீசனே முடியப் பார்க்கும். உருவான ஐஜிஇ ரத்தத்தோடு போய், மூக்கின் உள்தோலில் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்புச் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். ரத்தத்தில் மிதக்கும் ஐஜிஇ இரண்டே நாளில் பாதியாகக் குறைந்துவிடும். மாஸ்ட் செல்லில் ஒட்டியதோ வாரக்கணக்கில் நிற்கும். அடுத்த வருடம் மறுபடி மகரந்தம் வரும், மறுபடி கொஞ்சம் ஐஜிஇ சேரும். இவ்வளவு நடந்தும் உங்களுக்கு ஒரு தும்மல்கூட வராது.

ஆக, நீங்கள் சும்மா கிடந்ததாக நினைக்கும் வருடங்களில் உங்கள் மூக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தது. வேறு நாட்டிலிருந்து குடியேறியவர்களுக்குச் சில வருடம் கழித்து இது தொடங்குவது மருத்துவர்களுக்குப் பழகிய விஷயம்தான்.

வைகைக்கரை · ஆகஸ்ட் 25, மாலை 6.20

அப்போது நான் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்த வருடமே எனக்குள் ஐஜிஇ தயாராகிக்கொண்டிருந்ததா! நல்ல தண்டனை.

சரி, அடுத்த சந்தேகம். என் கணவரும் அதே விமானத்தில் வந்தவர், அதே வீடு, அதே காற்று. அவருக்கு ஒன்றுமே இல்லை. அவருடைய டி செல்கள் மட்டும் எப்படி நல்ல பிள்ளையாக இருக்கின்றன?

லேப்காரர் · ஆகஸ்ட் 25, இரவு 8.05

பரம்பரை ஒரு பங்கு. அப்பா அம்மாவுக்கு ஆஸ்துமா, தோல் கரப்பான், மூக்கு ஒவ்வாமை இருந்தால் பிள்ளைகளுக்கு வாய்ப்பு கூடும். ஆனால் ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு வந்து இன்னொருவருக்கு ஏன் வரவில்லை என்று கேட்டால், ஆளைக் காட்டி இதனால்தான் என்று யாரும் சொல்லிவிட முடியாது. உங்கள் கணவரின் ரத்தத்தைப் பார்த்தால் அவருக்கும் ராக்வீட் ஐஜிஇ கொஞ்சம் இருக்கலாம். ஐஜிஇ இருந்தும் தும்மாதவர்கள் ஏராளம்.

சமையல்கட்டு · ஆகஸ்ட் 25, இரவு 11.10

எனக்கும் இதேதான்! மிளகாய் தாளிக்கும்போது நெடி ஏறினால் தொடர்ந்து தும்மல், மூக்கில் தண்ணீர். அப்போது எனக்கு மிளகாய்க்கு எதிரான ஐஜிஇ இருக்கிறதா? எங்கே டெஸ்ட் எடுப்பது? இருபது வருடமாகச் சமைக்கிறேன், கணக்குப்படி இத்தனை நாளில் எவ்வளவு சேர்ந்திருக்கும்!

லேப்காரர் · ஆகஸ்ட் 26, காலை 7.00

அம்மா, டெஸ்ட் வேண்டாம், ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். மிளகாயின் கேப்சைசின் மூக்கு நரம்பையே நேராகக் குத்துகிறது. சூட்டையும் எரிச்சலையும் உணரும் நரம்பு முனை அது. ஐஜிஇயும் வேண்டாம், மாஸ்ட் செல்லும் வேண்டாம். அதனால்தான் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர், வந்த விருந்தாளி, பச்சைக் குழந்தை எல்லோருமே தும்முகிறார்கள். முதல் தடவையே தும்முகிறார்கள்.

ஆனால் உங்கள் கேள்வி இங்கே பயன்படும். தும்மல் எப்போதுமே நரம்பு வேலைதான். மகரந்தத்துக்கு நரம்பை நேராகக் குத்தத் தெரியாது. அதற்கு இடையில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் மாஸ்ட் செல்.

வைகைக்கரை · ஆகஸ்ட் 26, மதியம் 1.30

அந்த இடத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்லுங்கள் அண்ணா. ஐஜிஇ மாஸ்ட் செல் மேல் ஒட்டிக் காத்திருக்கிறது என்றீர்கள். ஒட்டினதுமே ஏன் ஒன்றும் நடக்கவில்லை? இன்று காலை ரூஜ் பூங்காவில் நடக்கப் போனேன். கார் நிறுத்துமிடத்தைத் தாண்டவில்லை, தும்மல் ஆரம்பித்துவிட்டது. அவ்வளவு வேகமாக எப்படி?

லேப்காரர் · ஆகஸ்ட் 26, இரவு 9.40

வங்கி லாக்கரை ஒரு சாவியால் திறக்க முடியாது, இரண்டும் போட வேண்டும் இல்லையா? இங்கேயும் அப்படித்தான். ஒரு ஐஜிஇ தனியாக மாஸ்ட் செல்லில் உட்கார்ந்திருந்தால் எந்தச் சேதியும் உள்ளே போகாது. ஒரே ராக்வீட் புரதத்தின் ஒரு பக்கத்தை ஒரு ஐஜிஇயும் இன்னொரு பக்கத்தை பக்கத்திலிருக்கும் ஐஜிஇயும் பிடித்து, இரண்டும் நெருங்கி வர வேண்டும். அப்போதுதான் செல்லுக்குள் சமிக்ஞை கிளம்பும். ஒரு செல்லில் ராக்வீட் ஐஜிஇ மிகக் குறைவாக இருந்தால் இரண்டு பக்கத்தில் அமைவதற்கான வாய்ப்பும் குறைவு. உங்களுடைய அமைதியான வருடங்களுக்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

சமிக்ஞை கிளம்பிவிட்டால் தாமதம் இல்லை. ஹிஸ்டமின் என்ற சரக்கு ஏற்கெனவே செய்து, சிறு சிறு பைகளில் கட்டி, செல்லுக்குள் அடுக்கி வைத்திருக்கிறது. புதிதாக எதையும் தயாரிக்க வேண்டியதில்லை, பைகளை வெளியே கொட்டினால் போதும். அதனால்தான் நிமிடக் கணக்கு.

கொட்டிய ஹிஸ்டமின் மூக்கின் உணர்வு நரம்பு முனைகளில் உள்ள எச்-1 ஏற்பிகளில் போய் உட்காரும். முதலில் அரிப்பு. அந்தச் செய்தி முகத்தின் உணர்வைக் கொண்டுபோகும் டிரைஜெமினல் நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குப் போகும். அங்கிருந்து திரும்பும் கட்டளை ஒன்று மூச்சுத் தசைகளுக்கு, அது தும்மல். இன்னொன்று மூக்குச் சுரப்பிகளுக்கு, அது ஒழுகல். கூடவே ஹிஸ்டமின் அருகிலிருக்கும் நுண் ரத்தக்குழாய்களைக் கசியவிடுவதால் ரத்தநீரும் கொஞ்சம் சேரும். சளி கெட்டியாக இல்லாமல் தண்ணீராக வருவது இதனால்தான்.

ஒழுகல் நரம்பு வழி வருகிறது என்பதற்கு அழகான சான்று உண்டு. தன்னார்வலரின் ஒரு துவாரத்தில் மட்டும் ஒவ்வாமைப் புரதத்தை வைத்துப் பார்த்தார்கள். மகரந்தம் படாத மறு துவாரத்திலும் நீர் சுரந்தது. வெறும் ஹிஸ்டமின் கசிந்ததுதான் முழுக் காரணம் என்றால் அந்தப் பக்கம் காய்ந்தே இருந்திருக்க வேண்டும்.

மார்க்கம் மாமா · ஆகஸ்ட் 27, காலை 8.20

தம்பி எழுதினது விளங்குது. ஆனால் ஈஸ்னோபீலியாவை நைசாகத் தாண்டிப் போகிறீர். என்னுடைய ரிப்போர்ட்டில் ஈசினோபில் கூடித்தான் இருந்தது. மருந்து தந்தார்கள், தும்மலும் நின்றது. தேனுக்கும் மறுமொழி வரவில்லை.

லேப்காரர் · ஆகஸ்ட் 27, மாலை 5.45

தாண்டவில்லை மாமா, அது இரண்டாம் காட்சியில் வரும் பாத்திரம்.

ஈசினோபில் என்பது ஒரு வெள்ளணு. ஒவ்வாமையில் கூடும், குடல்புழுவிலும் கூடும், யானைக்கால் புழுவின் ஒரு வகைத் தொல்லையிலும் மிக அதிகமாகக் கூடும். நம் ஊரில் தும்மல், இளைப்பு என்று போனால் ரத்தத்தில் அந்த எண்ணிக்கையைப் பார்த்து அதையே நோயின் பெயராகச் சொல்லிவிடுகிறார்கள். எண்ணிக்கை ஏறியிருக்கிறது என்பது செய்தி. ஏன் ஏறியது என்பது வேறு கேள்வி. உங்களுக்கு அன்று கொடுத்தது பூச்சி மருந்தா, ஒவ்வாமை மாத்திரையா என்று தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது. வெறும் ராக்வீட் தும்மல்காரருக்கு ரத்தத்தில் ஈசினோபில் சாதாரண அளவிலேயே இருக்கவும் கூடும்.

தேன் விஷயம். தேனீ போவது வண்ணப் பூக்களுக்கு. ராக்வீடின் பச்சைப் பூவுக்கு வாசமும் இல்லை, தேனும் இல்லை. அது காற்றை நம்பி மகரந்தத்தைக் கொட்டும் செடி. உங்கள் தேனில் இருப்பது பெரும்பாலும் உங்களைத் தும்மவைக்காத பூக்களின் தூள். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்குவது என்ற உங்கள் யோசனை மட்டும் தவறில்லை. 1911-லேயே லண்டனில் லெனார்ட் நூன் புல் மகரந்தச் சாற்றை ஊசியில் சிறுகச் சிறுக ஏற்றிப் பார்த்தார். ஆனால் சரியான செடியின் புரதமாக, அளந்த அளவில் இருக்க வேண்டும்.

மார்க்கம் மாமா · ஆகஸ்ட் 27, மாலை 6.02

தேன் ருசிக்குச் சாப்பிடலாம்தானே? அதற்கும் தடையென்றால் இழையை விட்டு வெளியேறுகிறேன்.

வைகைக்கரை · ஆகஸ்ட் 30, இரவு 10.15

ரெண்டு விஷயம்.

ஒன்று, பின்வேலியோரம் மஞ்சளாகப் பூத்து நின்றதையெல்லாம் நேற்று பிடுங்கிப் போட்டேன். ராக்வீட் ஒழிந்தது.

இரண்டு, காலையில் நடந்துவிட்டு வந்தால் கொஞ்ச நேரத்தில் தும்மல் அடங்கிவிடுகிறது. பகல் முழுக்க வீட்டுக்குள், ஜன்னல் சாத்தித்தான் இருக்கிறேன். மாலை ஆனால் மூக்கு இரண்டும் அடைத்துக்கொள்கிறது. தும்மல் இல்லை, ஒழுகலும் அதிகமில்லை, வெறும் அடைப்பு. வீட்டுக்குள் எங்கிருந்து வந்தது மகரந்தம்?

லேப்காரர் · ஆகஸ்ட் 31, காலை 6.50

மஞ்சளாக, கண்ணுக்குத் தெரிகிற மாதிரிப் பூத்திருந்தால் அது கோல்டன்ராட். ராக்வீட் பூக்கும் அதே நேரம் பூப்பதால் வருடாவருடம் பழி அதன் மேல் விழும். அதன் மகரந்தம் பூச்சிகளின் காலில் ஒட்டுவதற்காக அமைந்தது, கனமானது, காற்றில் அவ்வளவாகப் பறக்காது. ராக்வீட் அதே வேலியோரம் மங்கலான பச்சைக் கதிரோடு நின்றிருக்கும், நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். உங்கள் வேலியோரச் செடியைப் பிடுங்கியும் பெரிய லாபமில்லை. அந்த மகரந்தம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும்.

மாலை அடைப்புக்குப் புது மகரந்தம் தேவையில்லை. காலையில் மாஸ்ட் செல் ஹிஸ்டமினைக் கொட்டியதோடு வேலையை முடித்துவிடவில்லை. அடுத்த சில நிமிடங்களில் லூகோட்ரையீன், ப்ரோஸ்டாகிளாண்டின் போன்றவற்றைப் புதிதாகச் செய்யத் தொடங்கும். மற்ற செல்களைக் கூப்பிடும் புரதச் செய்திகளையும் அனுப்பும். கூப்பிட்ட ஆட்கள் ரத்தத்திலிருந்து இறங்கி மூக்குத் தோலுக்கு வந்து சேரச் சில மணி நேரம் பிடிக்கும். அப்படி வருபவர்களில் முக்கியமானவர் மாமாவின் ஈசினோபில். தொடங்கி நாலு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இந்த இரண்டாம் அலை தெரியும். எல்லோருக்கும் வராது, வந்தால் அதில் அடைப்புதான் தூக்கலாக இருக்கும். மூக்கின் உள்தோலில் ரத்தம் நிறைந்து வீங்கும் குழிகள் உண்டு. அவை புடைத்துக் காற்று போகும் வழியைக் குறுக்கிவிடும்.

சிட்ரிசின் என்ற ஒவ்வாமை மாத்திரைக்கு அடைப்பு அவ்வளவாகக் கேட்காததும் இதனால்தான். அது எச்-1 ஏற்பியில் ஹிஸ்டமின் உட்காராமல் பார்த்துக்கொள்ளும். அரிப்பு, தும்மல், ஒழுகல் குறையும். மற்ற சரக்குகளும் வந்து சேர்ந்த செல்களும் அதற்குக் கட்டுப்படாது. அந்த இரண்டாம் அலைக்கு மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே பொருத்தம். ஆனால் அடித்த அன்றே முழுப் பலனை எதிர்பார்க்கக் கூடாது, நாள்கணக்கில் அடிக்க வேண்டும். சீசனுக்கு முன்பே தொடங்குங்கள் என்று டாக்டர்கள் சொல்வது அதற்காகத்தான். கடையில் கிடைக்கும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தைத் தொடர்ந்து பல நாள் போட வேண்டாம், மருந்து நின்றதும் முன்னைவிட மோசமாக அடைக்கும்.

பெங்களூரு பாலா · செப்டம்பர் 2, இரவு 12.30

இழை முழுதும் படித்தேன். லேப்காரர் அண்ணா சொன்ன கணக்கு என் விஷயத்தில் உதைக்கிறது. கோவையில் பிறந்து, பெங்களூரில் வேலை பார்த்து, ஜூலையில் வாட்டர்லூ வந்தேன். ஆகஸ்ட் இருபது வாக்கில் எனக்குத் தும்மல் தொடங்கிவிட்டது. முதல் சீசன்! ஆயத்தம் செய்ய என் மூக்குக்கு நேரமே இல்லை. அப்படியானால் ஐஜிஇ கதை எல்லோருக்கும் பொருந்தாதோ?

லேப்காரர் · செப்டம்பர் 2, காலை 7.30

நல்ல கேள்வி. பெங்களூரில் இருந்தபோது மூக்கு எப்படி?

பெங்களூரு பாலா · செப்டம்பர் 2, மாலை 4.10

பெங்களூரில் எல்லோருக்கும் மூக்கு அப்படித்தான் அண்ணா. மழை முடிந்தால் அலுவலகமே தும்மும். காலி மனை முழுக்கப் பார்த்தீனியம்.

லேப்காரர் · செப்டம்பர் 2, இரவு 9.00

பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். பார்த்தீனியமும் ராக்வீடும் சூரியகாந்திக் குடும்பத்துப் பங்காளிகள். இரண்டின் மகரந்தப் புரதங்களில் சில ஒன்றைப்போல் ஒன்று இருக்கும். பார்த்தீனியத்துக்காகச் செய்த ஐஜிஇ ராக்வீட் புரதத்தையும் பிடிக்கும் என்பதைப் பெங்களூர் நோயாளிகளின் ரத்தத்தை வைத்தே தொண்ணூறுகளின் தொடக்கத்தில் காட்டியிருக்கிறார்கள். உங்கள் மாஸ்ட் செல்கள் பெங்களூரிலேயே ஐஜிஇ ஏற்றிக்கொண்டு விமானம் ஏறியிருக்கலாம். கனடா உங்களுக்குப் புதிது, உங்கள் மூக்குக்குப் பழைய எதிரிதான்.

"இருக்கலாம்" என்றுதான் சொல்கிறேன். உங்களுக்கு வீட்டுத்தூசிப் பூச்சிக்கான ஒவ்வாமை இருந்து, பழைய கம்பளம் போட்ட வாடகை வீட்டில் குடியேறியிருந்தாலும் இதே அறிகுறிகள்தான் வரும். வித்தியாசம் அக்டோபரில் தெரியும். கடும் பனி விழுந்து ராக்வீட் செத்த பிறகும் தும்மினால் செடியைச் சந்தேகிக்க வேண்டாம்.

வைகைக்கரை · செப்டம்பர் 19, இரவு 8.45

மகரந்த எண்ணிக்கை இறங்கிவிட்டதாக வானிலைச் செயலியில் போடுகிறார்கள். எனக்கு இறங்கவில்லை. ஆகஸ்டில் வெளியே போனால்தான் தும்மல். இப்போது ஊதுபத்திப் புகைக்குத் தும்மல், குளிர்பதனப் பெட்டியைத் திறந்தால் தும்மல், மாமியார் விபூதியை உதறினால் தும்மல். புதிதாக விபூதிக்கும் ஐஜிஇ வந்துவிட்டதா?

சமையல்கட்டு · செப்டம்பர் 19, இரவு 9.05

விபூதிக்கு ஐஜிஇ வந்தால் சிவனே காப்பாற்ற முடியாது!

லேப்காரர் · செப்டம்பர் 20, காலை 7.20

விபூதிக்கு ஐஜிஇ தேவையில்லை. உங்கள் மூக்கு இப்போது தொட்டால் சுருங்கும் நிலையில் இருக்கிறது. 1960-களின் இறுதியில் ஜான் கானெல் என்ற அமெரிக்க மருத்துவர் ராக்வீட் ஒவ்வாமைக்காரர்களை வைத்து இதை அளந்து பார்த்தார். சீசன் இல்லாத காலத்தில், எண்ணி அளந்த மகரந்தத்தை நாள் தவறாமல் மூக்கில் செலுத்தினார். முதல் நாள் மூக்கைத் தூண்ட நிறைய மகரந்தம் வேண்டியிருந்தது. நாட்கள் போகப் போக அதில் சிறு பங்கே போதுமானதாகிவிட்டது. இடைவெளி விட்டால் மூக்கு பழைய நிலைக்குத் திரும்பியது.

தினமும் அடி வாங்கும் உள்தோலில் ஈசினோபில்கள் வந்து தங்குகின்றன, மாஸ்ட் செல்கள் மேற்பரப்புக்கு நெருக்கமாக நகர்கின்றன, நரம்பு முனைகளும் கூர்மையாகிவிடுகின்றன. செப்டம்பரில் காற்றில் இருக்கும் கொஞ்சம் மகரந்தமே உங்களுக்கு ஆகஸ்ட் மகரந்தத்தின் வேலையைச் செய்யும். நரம்பு கூர்மையானதால் புகையும் குளிரும் தூளும் நேராகவே தும்மவைக்கும், சமையல்கட்டு அம்மாவின் மிளகாய் நெடி மாதிரி, மாஸ்ட் செல்லைக் கேட்காமலே. நீங்கள் முதலில் கேட்ட "பழகப் பழக ஏற்றுக்கொள்ளாதா" என்ற கேள்விக்கு ஒரே சீசனுக்குள்ளும் பதில் நேர்மாறாகத்தான் இருக்கிறது.

வைகைக்கரை · செப்டம்பர் 28, மாலை 7.30

இன்று ஒவ்வாமை மருத்துவமனைக்குப் போனேன். எந்த இடம் என்று எழுத விரும்பவில்லை. முன்கையில் வரிசையாகச் சொட்டு வைத்து மெல்லக் குத்தினார்கள். கால் மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் ஒன்றுகூடத் தடிக்கவில்லை. ராக்வீட் சொட்டும் சும்மா இருந்தது. "அப்பாடா, எனக்கு ஒவ்வாமையே இல்லை" என்று சொல்ல வாயெடுத்தேன். செவிலியர் கடைசிச் சொட்டைப் பார்த்துவிட்டு, கடந்த சில நாட்களில் என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். நேற்று இரவுகூட சிட்ரிசின் போட்டேன் என்றேன். டெஸ்ட் செல்லாது, இன்னொரு நாள் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். முன்பதிவு செய்தபோது மாத்திரையை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அரை நாள் விடுப்பு வீண். அந்தக் கடைசிச் சொட்டில் என்ன இருந்தது?

லேப்காரர் · செப்டம்பர் 28, இரவு 8.10

ஹிஸ்டமின். வெறும் ஹிஸ்டமின். அது யாருக்கும் தடிக்க வேண்டும். உங்களுக்குத் தடிக்கவில்லை என்றால் எச்-1 ஏற்பிகளை மாத்திரை அடைத்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் உங்கள் தோலின் மாஸ்ட் செல்கள் ராக்வீடைக் கண்டு ஹிஸ்டமினைக் கொட்டியிருந்தாலும் கையில் ஒன்றும் தெரியாது. இந்த மாத்திரைகளைப் பொதுவாக ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அந்தச் செவிலியர் கவனித்ததால் தப்பித்தீர்கள், இல்லாவிட்டால் "ராக்வீட் இல்லை" என்று எழுதியே கொடுத்திருப்பார்கள்.

மாத்திரையை நிறுத்த முடியாத அளவுக்குத் தொல்லை என்றால் ரத்தத்தில் ராக்வீடுக்கான ஐஜிஇயை மட்டும் அளக்கச் சொல்லுங்கள். ரத்தக்குழாயில் மிதக்கும் ஆன்டிபாடியை எண்ணுவதை மாத்திரை ஒன்றும் செய்யாது.

வைகைக்கரை · அக்டோபர் 11, மாலை 5.55

ரத்த முடிவு வந்துவிட்டது. மொத்த ஐஜிஇ 62, அது சாதாரண அளவு என்று அச்சிட்டிருக்கிறது. அதைப் பார்த்ததும் என் குடும்ப மருத்துவர் "எல்லாம் நார்மல்" என்று சொல்லப் பார்த்தார். அடுத்த பக்கத்தில் ராக்வீட் ஐஜிஇ 9.4. அதன் பக்கத்தில் 0.35-க்கு மேல் இருந்தால் உண்டு என்று குறிப்பு. வீட்டுத்தூசிப் பூச்சி, பூனை இரண்டும் இல்லை. மொத்தம் நார்மல், உள்ளே இருப்பது நார்மல் இல்லை. எதை எடுத்துக்கொள்வது?

லேப்காரர் · அக்டோபர் 11, இரவு 9.30

இரண்டாவதை. மொத்த ஐஜிஇ என்பது எல்லா ஐஜிஇயையும் கூட்டிய தொகை, எதற்காகச் செய்தது என்று அது சொல்லாது. சின்ன வயதில் குடல்புழுவோடு வளர்ந்தவருக்கு அந்தத் தொகை ஆயிரத்தைத் தாண்டியிருக்கலாம், ஒரு தும்மலும் இல்லாமல். உங்களுக்கு மொத்தமே 62, அதில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் ஒரே செடிக்கு. அளவு குறைவாக இருந்தாலும் மாஸ்ட் செல்லில் பக்கத்துப் பக்கத்தில் ராக்வீட் ஐஜிஇ அமையும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது.

ஆனால் 9.4 என்பதை வைத்து எவ்வளவு தும்முவீர்கள் என்று கணிக்க முடியாது. 40 இருந்தும் சமாளிப்பவரைப் பார்த்திருக்கிறேன், 2 வைத்துக்கொண்டு செப்டம்பர் முழுக்கப் படுத்தவரையும் பார்த்திருக்கிறேன். ரத்த எண்ணும் ஆகஸ்ட் நடுவில் தொடங்கிப் பனியில் முடியும் உங்கள் கதையும் ஒத்துப்போகின்றன, அதுதான் பெரிய சான்று.

இன்னொரு சின்னச் செய்தி. ஐஜிஇ என்ற ஒன்று உண்டு என்று டென்வரில் இஷிசாகா தம்பதியர் 1966-ல் காட்டியது ராக்வீட் ஒவ்வாமைக்காரர்களின் ரத்தத்தை வைத்துத்தான். ரத்தத்தில் அது அவ்வளவு கொஞ்சமாக இருந்ததால், தோலில் தடிக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே அதைத் துரத்திப் பிடிக்க வேண்டியிருந்தது.

வைகைக்கரை · அக்டோபர் 29, இரவு 9.15

நேற்று முன்தினம் நல்ல பனி. மூக்கு அடங்கிவிட்டது.

டாக்டர் இரண்டு வழி சொன்னார். அடுத்த வருடம் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே ஸ்ப்ரேயை ஆரம்பிப்பது ஒன்று. நாக்குக்கு அடியில் கரையும் ராக்வீட் மாத்திரை இன்னொன்று. அதை சீசனுக்குப் பன்னிரண்டு வாரம் முன்பே தொடங்கி, சீசன் முடியும்வரை தினமும் போட வேண்டுமாம். மே மாதம் நினைவு வைக்க வேண்டும். முதல் மாத்திரையை அங்கேயே வைத்து, அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்ப்பார்களாம். மாமாவின் தேன் தத்துவம் கடைசியில் மருந்துக்கடைக்கு வந்துவிட்டது.

ஒரு சந்தேகம் மட்டும் கேட்க மறந்துவிட்டேன். ஆகஸ்ட், செப்டம்பரில் முலாம்பழம் சாப்பிட்டால் உதடும் வாயும் நமநமவென்று அரிக்கிறது. வாழைப்பழத்துக்கும் சில நேரம்.

லேப்காரர் · அக்டோபர் 30, காலை 7.05

அதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், மாத்திரை தொடங்கும் முன்பே. ராக்வீடில் இருப்பதைப் போன்ற புரதங்கள் முலாம்பழம், வாழை, வெள்ளரிக்காய் இவற்றிலும் உண்டு. உங்கள் ஐஜிஇ ஆள் மாறாட்டத்தில் அவற்றையும் பிடிக்கிறது. பெரும்பாலும் வாயோடு நின்றுவிடும், வயிற்று அமிலத்தில் அந்தப் புரதம் சிதைந்துவிடும். தொண்டை இறுகுவது, மூச்சு வாங்குவது, உடம்பெல்லாம் தடிப்பது இவற்றில் எது வந்தாலும் அது வேறு, உடனே மருத்துவமனை.

மார்க்கம் மாமா · அக்டோபர் 30, காலை 9.40

இவ்வளவு காலமும் அந்த மாத்திரையை ஏன் யாரும் எனக்குச் சொல்லவில்லை? எதை எப்படிப் பழக்குகிறது அது?

லேப்காரர் · அக்டோபர் 30, மாலை 6.25

தொடக்கத்தில் ராக்வீட் ஐஜிஇ கொஞ்சம் ஏறக்கூடச் செய்யும் மாமா. பிறகு அதே புரதத்துக்கு ஐஜிஜி-4 என்ற வேறு வகை ஆன்டிபாடி நிறைய உருவாகும். அது மூக்குக்குள் வரும் புரதத்தை முந்திப்போய்ப் பிடித்துக்கொள்வதால் மாஸ்ட் செல்லில் இருக்கும் ஐஜிஇக்குக் கிடைப்பது குறையும். கட்டளை கொடுத்த டி செல்களின் போக்கும் மாறும். இவற்றில் எது எவ்வளவு பங்கு என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. பொதுவாக மூன்று வருடம் தொடரச் சொல்வார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு பலன் கிடைப்பதில்லை.

பெங்களூரு பாலா · அக்டோபர் 31, இரவு 11.50

பனிக்குப் பிறகு எனக்கும் தும்மல் நின்றுவிட்டது, கம்பளம் அதே கம்பளம்தான். ஒரே கேள்வி. என் ஐஜிஇ பார்த்தீனியத்துக்காகச் செய்ததென்றால் ராக்வீட் மாத்திரை எனக்கு வேலை செய்யுமா? பெங்களூர் போகும்போதும் காப்பாற்றுமா?

லேப்காரர் · நவம்பர் 1, காலை 8.00

அந்த மாத்திரையைச் சோதித்தது ராக்வீட்காரர்களிடம்தான். முதலில் உங்கள் ராக்வீட் ஐஜிஇயை அளந்து பாருங்கள். அது தெளிவாக இருந்தால் இங்கத்தைய ஆகஸ்டுக்கு முயலலாமா என்று டாக்டரிடம் பேசலாம். பெங்களூர் பார்த்தீனியத்துக்கு அது உதவும் என்று நான் சொல்ல மாட்டேன். பங்காளிதான், ஆனால் எல்லாப் புரதமும் ஒன்றில்லை.